39 ரூபாய் 60 காசு: ஒரு சங்கக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், காலடிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் எங்கள் சங்கம் இயங்குகிறது. தொழிற்சாலைப் பணியாளர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் அது. கணக்காளராக நான் பொறுப்பேற்றது ஏப்ரல் மாதத்தில். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்று எண்ணூர் பக்கம் குடிபோயிருந்தார். அவர் ஒப்படைத்த பேரேட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. அந்தப் பக்கத்தின் தலைப்பு அனாமத்துக் கணக்கு, அதாவது காரணம் தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் இடம். மார்ச் 31 அன்று அதில் 132 ரூபாய் 26 காசு பற்று நின்றது.

இரண்டு கோடிக்கு மேல் கடன் நிலுவை உள்ள சங்கத்துக்கு 132 ரூபாய் ஒன்றுமில்லைதான். ஆனால் அது ஒரே நாளில் வந்த தொகை அல்ல. ஜனவரியில் 47.33, பிப்ரவரியில் 39.53, மார்ச்சில் 45.40 என மாதம் தவறாமல் வந்து சேர்ந்திருந்தது. ஏப்ரல் பட்டியலை நானே போட்டபோது 38.27 வந்தது. டிசம்பர் வரைக்கும் இந்த வித்தியாசம் இரண்டு மூன்று ரூபாய்க்குள், கூடவோ குறையவோ இருந்து, வட்டிக் கணக்கிலேயே சரிக்கட்டப்பட்டிருக்கிறது. ஜனவரியிலிருந்து திடீரென்று நாற்பதை ஒட்டிப் போய்விட்டது, அதுவும் ஒரே பக்கமாக. மாதாமாதம் வரும் வித்தியாசம் என்றால் எங்கேயோ ஒரு தவறு உயிரோடு இருந்து திரும்பத் திரும்ப வேலை செய்கிறது என்று அர்த்தம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன் பிரிவு 80-இன்படி நடக்கும் தணிக்கையில் அனாமத்துக்கு விவரம் கேட்பார்கள். 'ரவுண்டிங்' என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வித்தியாசம் எந்த இடத்தில் உருவாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இரண்டு வகைக் கடன். சாதாரணக் கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. ஆயிரத்தின் மடங்குகளில்தான் கொடுப்போம், தவணையும் ஆயிரத்தின் மடங்கில்தான். சிறு கடனுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். அது நூறின் மடங்குகளில் நடக்கும். இரண்டிலும் அசல் தவணை மாறாது, வட்டி மட்டும் நிலுவை குறையக் குறையக் குறையும்.

ஒவ்வொரு மாதமும் உறுப்பினர் வாரியாகப் பிடித்தப் பட்டியல் எக்செல்லில் தயாராகி தொழிற்சாலைக்குப் போகும். சம்பளத்தில் பிடித்து அவர்கள் மொத்தமாக வங்கியில் செலுத்துவார்கள். இது ஒரு வழி. இன்னொரு வழி, பொதுப் பேரேட்டில் உள்ள மொத்த நிலுவையை எடுத்து, விகிதத்தால் பெருக்கி, இந்த மாதம் எவ்வளவு வட்டி வரவேண்டும் என்று ஒரே வரியில் கணக்கிடுவது. வரவேண்டிய வட்டி என்று பேரேட்டில் ஏறுவது இந்த இரண்டாவது தொகைதான். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத பாக்கி அனாமத்தில் போய் உட்கார்ந்தது.

ரவுண்டிங் என்று முன்னவர் நினைத்ததற்கும் காரணம் உண்டு. சாதாரணக் கடனில் 1,25,000 ரூபாய் நிலுவை இருந்தால் ஒரு மாத வட்டி 1,041.67. பட்டியலில் அது 1,042 ஆகிவிடும். 160 சாதாரணக் கடன்களில் இப்படிக் காசுகள் மேலும் கீழும் நகரும்போது மொத்தத்தில் சில ரூபாய் இடறத்தான் செய்யும். ஆனால் நிலுவை ஆயிரத்தின் மடங்காக இருக்கும்வரை ஒரு கடனுக்கு 33 காசுக்கு மேல் நகர வழியில்லை. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும், பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நாற்பது ரூபாய் வேண்டுமென்றால் குறைந்தது 120 கடன்கள் ஒரே திசையில் நகர வேண்டும், அதுவும் நான்கு மாதம் தொடர்ந்து. அது நடக்காது.

ஓய்வு பெற்ற சாருக்குப் போன் செய்தேன். வருத்தப்படுவாரோ என்று தயங்கித்தான் கேட்டேன். அவரோ உடனே, "ஒன்பதால வகுத்துப் பாரும்மா. மீதியில்லாம வந்தா இலக்கம் இடம் மாறியிருக்கும், இல்லைன்னா புள்ளி நகர்ந்திருக்கும்" என்றார்.

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இது பழைய பழக்கம். 54 என்று எழுத வேண்டியதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 72-ஐ 27 ஆக்கினால் 45. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். புள்ளி ஒரு இடம் நகர்ந்தாலும் அப்படியே. 60 ரூபாய் 6 ரூபாய் ஆனால் குறைவது 54, அதாவது சரியான தொகையில் பத்தில் ஒன்பது பங்கு. காசுக் கணக்கில் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.

வகுத்துப் பார்த்தேன். 4733 வகுபடவில்லை. 3953-ம் இல்லை. 4540, 3827 எதுவும் ஒன்பதுக்கு அடங்கவில்லை. சரி, புள்ளிப் பிழை இல்லை என்று முடிவுகட்டி, இரண்டு நாள் வேறு வழியில் தேடினேன். விட்டுப்போன வரி ஏதாவது இருக்குமா என்று 38.27-ஐத் தேடினேன். பற்று வைக்க வேண்டியதை வரவு வைத்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகும் என்பதால் அதில் பாதியையும் தேடினேன். வங்கி அறிக்கையைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். தொழிற்சாலை அனுப்பிய பணம் பட்டியலோடு காசுகூடப் பிசகாமல் ஒத்துப்போனது. அதனால் ஒன்று தெளிவானது: பணம் எங்கும் காணாமல் போகவில்லை. பட்டியலே குறைவாகக் கேட்டிருக்கிறது.

மூன்றாம் நாள் மதியம், ஏப்ரல் பட்டியலின் கடைசிப் பக்கம் மேசையில் கிடந்தது. வட்டி மொத்தம் 1,89,044.40. அந்த 40 காசைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டியலில் காசு எப்படி வரும்? சாதாரணக் கடனின் வட்டி முழு ரூபாயாக்கப்பட்டுவிடும். சிறு கடனில் நிலுவை நூறின் மடங்கு, மாத வட்டி நூற்றுக்கு ஒன்று, ஆகவே அது தானாகவே முழு ரூபாய். இரண்டு வகையிலும் காசுக்கு இடமே இல்லை. ஆனாலும் 40 காசு நிற்கிறது.

கோப்பைத் திறந்து சூத்திரங்களைப் பார்த்தேன். முதல் வரி சாதாரணக் கடனுக்கு, இரண்டாவது சிறு கடனுக்கு. D என்பது நிலுவை, E என்பது வட்டி விகிதம்.

```
=ROUND(D14*E14/1200,0)
=D51*E51/1200
```

சிறு கடனுக்கு ROUND போடவில்லை. எப்படியும் முழு ரூபாய்தான் வரும் என்பதால் யாரும் போடத் தேவைப்படவில்லை. அப்படியென்றால் அந்த 40 காசு சிறு கடன் தாளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அதுவரை இரண்டு கடன்களையும் சேர்த்தே ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். முன்னவரும் அப்படித்தான், அவரைப் பார்த்து நானும் அப்படித்தான். இப்போது பிரித்தேன். ஏப்ரலில் சாதாரணக் கடன் மொத்த நிலுவை 2,24,12,000. அதற்கு வரவேண்டிய வட்டி 1,86,766.67, பட்டியல் கேட்டது 1,86,768. பட்டியல் 1.33 கூடுதலாகக் கேட்டிருக்கிறது, இது ரவுண்டிங்தான். சிறு கடன் 63 பேருக்கு, மொத்த நிலுவை 2,31,600. வரவேண்டிய வட்டி 2,316. பட்டியல் கேட்டது 2,276.40. குறைவு 39.60.

3960-ஐ ஒன்பதால் வகுத்தால் 440. மீதி இல்லை.

முந்தைய மூன்று மாதங்களையும் இதேபோல் பிரித்து எழுதினேன். சாதாரணக் கடனில் 2.33 குறைவு, 3.67 கூடுதல், 4.00 குறைவு என்று இரண்டு பக்கமும் ஆடியது. சிறு கடனிலோ ஜனவரி 45.00, பிப்ரவரி 43.20, மார்ச் 41.40, ஏப்ரல் 39.60. நான்கும் ஒன்பதுக்கு அடங்குகின்றன. சேர்த்துப் பார்த்தபோது மேலும் கீழும் தாறுமாறாகத் தெரிந்த எண்கள், பிரித்ததும் படிக்கட்டு மாதிரி வரிசையாக இறங்கின. ஒவ்வொரு படியும் சரியாக 1.80. ஒன்பதால் வகுக்கும் சோதனை பிழையின் தொகையை மட்டும் தனியாகக் கொடுத்தால்தான் பேசும். மேலே இரண்டு ரூபாய் ரவுண்டிங் ஒட்டிக்கொண்டிருந்தாலே வாயை மூடிக்கொள்ளும். சார் சொன்ன யோசனை சரியானது, நான்தான் தவறான எண்ணை வகுத்திருந்தேன்.

ஜனவரி எண் மட்டும் கையில் இருந்திருந்தால் நான் வேறு பக்கம் போயிருப்பேன். 45 ரூபாய் வித்தியாசம் 72-ஐ 27 ஆக்கியதாலும் வரலாம், 50-ஐ 5 ஆக்கியதாலும் வரலாம். பிப்ரவரியின் 43.20 அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது. 4320-ஐ ஒன்பதால் வகுத்தால் 480. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மட்டும் இடம் மாறியிருந்தால் அந்த ஈவு 4, 40, 400 என்று ஒரே இலக்கமும் பின்னால் பூஜ்யங்களுமாக வரும். 480 அப்படி இல்லை. ஆகவே இது இடம் மாறிய இலக்கம் அல்ல, நகர்ந்த புள்ளி. மேலும், எழுத்துப் பிழை என்றால் மாதாமாதம் இவ்வளவு ஒழுங்காக இறங்காது.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கணக்கின் மேல் பிரியமே வந்தது. தாளைத் திறக்காமலேயே அந்தக் கடனை வரைந்துவிடலாம் என்று தெரிந்தது. வித்தியாசம் சரியான வட்டியில் பத்தில் ஒன்பது பங்கு என்றால், ஏப்ரலில் சரியான வட்டி 39.60-ஐ 0.9 ஆல் வகுத்து 44 ரூபாய். பட்டியலில் அதற்குப் பதில் 4.40 இருக்கும், அந்த 40 காசு அங்கிருந்துதான் வந்திருக்கும். வட்டி 44 என்றால் நிலுவை 4,400. படி 1.80 என்றால் சரியான வட்டி மாதம் 2 ரூபாய் குறைகிறது, ஆகவே அசல் தவணை 200. ஜனவரியில் வட்டி 50, நிலுவை 5,000. அதாவது டிசம்பரில் ஐயாயிரம் சிறு கடன் வாங்கி, 25 தவணையில் கட்டும் ஒருவர்.

தாளில் 4,400 நிலுவையோடு மூன்று பேர் இருந்தார்கள். இருவருக்கு வட்டி 44.00. மூன்றாமவருக்கு 4.40.

விகிதம் இருக்கும் E நெடுவரிசை அச்சில் இடம் போதவில்லை என்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. திறந்தேன். மேலும் கீழும் 12.00, 12.00 என்று ஓடும் வரிசையின் நடுவே ஒரே ஒரு 1.20. ஆண்டுக்கு 12 சதவீதம் போட வேண்டிய இடத்தில் ஒன்றே கால்கூட இல்லை.

எப்படி வந்தது என்று தெரியாமல் அதைத் திருத்திவிட்டுப் போக விருப்பமில்லை. பட்டியல் போடும் தம்பியைக் கூப்பிட்டேன். பயந்துவிட்டான். "அக்கா, நான் சரியாத்தான் போட்டேன், ஃபாரத்தைப் பாருங்க" என்று கடன் விண்ணப்பத்தை எடுத்து வந்தான். அதில் வட்டி விகிதக் கட்டத்தில் பேனாவால் 12.0 என்று எழுதியிருந்தது. அந்தக் கோப்பு டிசம்பர் கடைசியில், பட்டியல் முடிந்த பிறகு தாமதமாக வந்திருக்கிறது. மற்ற வரிகளில் மேலே உள்ள விகிதத்தை இழுத்துவிட்டவன், இதற்கு மட்டும் நடுவில் வரி சேர்த்துக் கையால் தட்டியிருக்கிறான்.

"இப்ப எனக்கு முன்னாடி தட்டிக் காட்டு, தம்பி" என்றேன். வலது பக்க எண் விசைகளில் 1, 2, 0 தட்டி எண்டர் அழுத்தினான். திரையில் 1.20 விழுந்தது. என் கணினியில் அதே மூன்று விசைகளைத் தட்டினால் 120 வந்தது.

அவன் கணினியின் அடியில் நிலைப்பட்டையில் `Fixed Decimal` என்று சின்னதாக ஒரு சொல் இருந்தது. எக்செல்லின் விருப்பங்களில் `Automatically insert a decimal point` என்று ஒரு வசதி உண்டு. அதை இரண்டு இடத்துக்கு வைத்தால், புள்ளி தட்டாமலேயே கடைசி இரண்டு இலக்கமும் காசாகிவிடும். 24550 என்று தட்டினால் 245.50. நாள் முழுக்க ரசீதுகளை ஏற்றுபவர்களுக்கு இது பெரிய வசதி. பழைய மேசைக் கால்குலேட்டரில் கூட்டிப் பழகியவர்கள் விரும்பி வைத்துக்கொள்வார்கள். தம்பி நவம்பரில் சிக்கன சேமிப்பு ரசீதுகளுக்காக அதை இயக்கியிருக்கிறான். புள்ளி விசையைத் தொடாமல் இருப்பது அவன் விரலுக்குப் பழகிவிட்டது. தாளில் 12.0 என்று மூன்று இலக்கங்களைக் கண்டான், மூன்றையும் தட்டினான். திரையிலும் அதே மூன்று இலக்கங்கள், அதே வரிசையில் தெரிந்தன. நகர்ந்தது புள்ளி மட்டும். அந்த அவசரத்தில் எந்தக் கண்ணுக்கும் அது சரியாகத்தான் தெரிந்திருக்கும். அவனை நான் குறை சொல்லவில்லை.

இந்த அமைப்பில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது கோப்போடு போவதில்லை, அந்தக் கணினியின் எக்செல்லோடு இருக்கிறது. கோப்பை என் கணினியில் எத்தனை முறை திறந்து சோதித்தாலும் காரணம் தெரிந்திருக்காது. அமைப்பை அணைத்தாலும் ஏற்கெனவே விழுந்த 1.20 தானாக 12 ஆகாது. அப்புறம், பட்டியல் மாதாமாதம் புதிதாகப் போடப்படுவதும் இல்லை. போன மாதக் கோப்பை நகலெடுத்து, நிலுவையை மட்டும் குறைத்துக்கொண்டு போகிறோம். டிசம்பர் கடைசியில் ஒரு முறை விழுந்த பிழை ஒவ்வொரு மாதமும் திரும்பி வந்தது அதனால்தான். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் 25 தவணை முடியும்போது 650 ரூபாய் வட்டிக்குப் பதில் 65 ரூபாய்தான் வந்திருக்கும்.

நவம்பருக்குப் பிறகு அந்தக் கணினியில் கையால் தட்டிய எல்லாவற்றையும் பார்ப்பது அடுத்த வேலை. இதைச் செய்யாமல் முடிக்க முடியாது. ஏனென்றால் என் ஒட்டுமொத்தக் கணக்கு விகிதப் பிழையைத்தான் காட்டும். ஒருவருடைய நிலுவையே தவறாக ஏறி, அந்தத் தவறே பொதுப் பேரேட்டுக்கும் போயிருந்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவு தவறி, வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டும். அதைப் பிடிக்கக் கடன் பத்திரங்களைத்தான் திறக்க வேண்டும். தம்பியும் நானும் இரண்டு மாலை உட்கார்ந்து 223 பத்திரங்களையும் தாளோடு ஒப்பிட்டோம். அவன் வாசித்தான், நான் டிக் போட்டேன். வேறு பிழை எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு அந்த உறுப்பினரை வரவழைத்துப் பேசினேன். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தார். நான்கு மாதத்தில் அவரிடம் குறைவாகப் பிடித்தது 169 ரூபாய் 20 காசு. கடன் பத்திரத்தில் 12 சதவீதம் என்று தெளிவாக இருப்பதால் அதை அவர் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் பிழை எங்களுடையது, அதற்குத் தாமத வட்டி கேட்பது நியாயமில்லை என்று நிர்வாகக் குழுவிடம் சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தேன். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன்.

"நீங்க கவனிக்கலையாண்ணே, வட்டி நாலு ரூபாய்தான் பிடிச்சிருக்காங்கன்னு?"

"எங்கம்மா தெரியுது? என் சம்பளச் சீட்டுல சொசைட்டின்னு ஒரே வரிதான். சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் அதுக்குள்ளதான். பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட வாங்குன பணம். சரியா போச்சான்னு யார் பார்த்தா?" என்றார். அடுத்த மாதமே மொத்தமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவர் சொன்னதில் ஒரு குறை எங்களுடையது. வட்டியைத் தனியாகக் காட்டும் சீட்டு ஒன்று நாங்கள் கொடுத்திருந்தால், இதை ஜனவரியிலேயே அவர்தான் முதலில் கண்டிருப்பார். மே மாதத்திலிருந்து கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் நிலுவை, அசல், வட்டி என்று மூன்று வரிச் சீட்டு போகிறது.

பேரேட்டில் திருத்தம் ஒரே பதிவில் முடிந்தது. அனாமத்தில் நான்கு மாதத்துக்கும் சேர்த்து 170.53 இருந்தது. அதில் 169.20 உறுப்பினரிடமிருந்து வரவேண்டியது. மிச்சம் 1.33. சாதாரணக் கடனில் நான்கு மாதமும் ஏறியும் இறங்கியும் ஆடிய காசுகளைக் கூட்டிக் கழித்தால் அதே 1.33 வருகிறது. அதை வட்டிக் கணக்கில் தள்ளினேன். கண்டுபிடித்த காரணம் சரிதானா என்பதற்கு எனக்கு வேண்டியிருந்த சான்று இதுதான். ஒரு காசு மிஞ்சியிருந்தாலும் இன்னொரு பிழை உள்ளே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

வட்டி விகிதத்தை இப்போது யாரும் கையால் தட்டுவதில்லை. கடனின் வகையைத் தேர்ந்தெடுத்தால் 10 அல்லது 12 தானாக வந்து விழும், வேறு எண்ணைத் தாள் ஏற்காது. E நெடுவரிசை அச்சிலும் தெரிகிறது. இரண்டு வகைக் கடனையும் தனித்தனியாகத்தான் ஒப்பிடுகிறோம். தம்பி ரசீது ஏற்றும்போது மட்டும் அந்தப் புள்ளி அமைப்பை இயக்கி, முடிந்ததும் அணைத்துவிடுகிறான். அவன் திரையின் கீழ் ஓரத்தில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறான். அதில் `Fixed Decimal` என்று எழுதி, நிலைப்பட்டையில் அந்தச் சொல் வரும் இடத்தை நோக்கி ஒரு அம்புக்குறி.

மே பட்டியல் போட்ட அன்று அவனே முதலில் வந்து சொன்னான். சாதாரணக் கடனில் 67 காசு குறைவு. சிறு கடனில் வித்தியாசம் 0.00. அந்த உறுப்பினரின் வரியில் நிலுவை 4,200, வட்டி 42.00.